ஏழு சென்டிமீட்டரில் ஒரு கடிதம்

கைபேசியில் ஒரு மின்னஞ்சலைத் திறக்கிறோம். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது. இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகிறது, ஆனால் வரியில் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டு கீழே போனால் காரணம் அகப்படுகிறது. கடிதத்தின் அடியில் எக்செலிலிருந்து எடுத்து ஒட்டிய ஆறு நெடுவரிசை அட்டவணை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு அட்டவணைக்காகத்தான் மேலே இருந்த நல்ல பத்திகளும் சேர்ந்து சுருங்கியிருக்கின்றன.

இதற்குத் திரையைக் குறை சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெறும் எழுத்துக்கு அகலம் என்று ஒன்று கிடையாது. கிடைத்த இடத்தில் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடும். அகலத்தைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிறவர் நாம்தான். மின்னஞ்சலின் வரலாற்றைப் புரட்டினால், அனுப்புகிறவரின் திரை அகலம் பெறுகிறவரின் தலையில் விழுந்த கதை திரும்பத் திரும்ப வருகிறது.

ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. பின்னால் வந்த கணினி முனையங்களின் திரையும் அதே 80 எழுத்து அகலத்தில் அமைந்தது. மின்னஞ்சல் அந்தத் திரைகளில்தான் வளர்ந்தது. அதன் வடிவத்தை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 5322 என்ற ஆவணம், ஒரு வரி 78 எழுத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, 998ஐத் தாண்டவே கூடாது என்கிறது. அது வெளிவந்தது 2008இல். ஐபோன் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. 78 எழுத்தில் வரியை வெட்டி அனுப்பும் பழக்கத்தால் வந்த வினை, கொஞ்சம் குறுகலான திரையில் உடனே தெரியும். ஒரு வரி முழுதாக ஓடும். அடுத்த வரியில் இரண்டு சொல் மட்டும் நிற்கும். மறுபடி ஒரு முழு வரி, மறுபடி இரண்டு சொல். 1999இல் வந்த ஆர்.எஃப்.சி. 2646 இதைச் சங்கடமான வரி மடிப்பு என்றே குறிப்பிட்டு, வரிகளைத் திரும்ப ஒட்டிக்கொள்ள ஒரு வழியும் சொன்னது. எல்லா மென்பொருளும் அதைக் கேட்கவில்லை. எளிய உரையாக அனுப்பினால் ஜிமெயில் வரிகளை வெட்டித்தான் அனுப்புகிறது. ஆகவே 'எளிய உரை' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கைபேசிக்கு நல்லது என்று நினைப்பது பாதி உண்மைதான். கைபேசிக்கு உகந்தது, சாதாரண எச்.டி.எம்.எல். அஞ்சலில் அலங்காரம் எதுவும் போடாமல், பத்திக்கு மட்டும் வரியை விட்டு எழுதுவது.

அடுத்த அகலம் வணிகச் செய்தி மடல்களிலிருந்து வந்தது. அவற்றை வடிவமைப்பவர்கள் நெடுங்காலமாக 600 பிக்சல் அகலத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் கட்டமாகப் படமும் எழுத்தும் அடுக்கிவந்தார்கள். 2007இல் அவுட்லுக் தன் அஞ்சல்களை வேர்டின் எந்திரத்தைக் கொண்டு காட்டத் தொடங்கியதும், வலைப்பக்கங்களில் கைவிடப்பட்ட கட்ட முறை அஞ்சலில் மட்டும் உயிரோடு நின்றுவிட்டது. திரையின் அகலத்தைக் கேட்டறிந்து வடிவத்தை மாற்றிக்கொள்ளும் முறைக்கு ஈதன் மார்க்காட் 2010இல் பெயர் சூட்டினார். ஜிமெயில் அத்தகைய விதிகளை ஏற்கத் தொடங்கியது 2016இல். இன்று பெரிய நிறுவனங்களின் மடல் கைபேசியில் அழகாக அடுக்கி விழுவதற்குக் காரணம், யாரோ உட்கார்ந்து அந்த விதிகளை எழுதியிருப்பதுதான். அலுவலகத்தில் சாதாரணமாகக் கடிதம் எழுதுகிறவர் கையில் அந்த வசதி இல்லை. இந்தக் கட்டுரை பேசுவது அவருடைய கடிதத்தைப் பற்றி.

எக்செலில் ஒரு பகுதியைத் தேர்ந்து நகலெடுத்து அஞ்சலில் ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாமல் என்ன கூடவருகிறது என்று பார்ப்போம். அட்டவணையோடு அதன் அகலமும் எண்ணாக வருகிறது. சொற்களை மடிக்காதே என்ற கட்டளையும் பெரும்பாலும் உடன் வருகிறது. சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

```
<table width="720" style="width:540pt">
  <td style="white-space:nowrap">...</td>
</table>
```

சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால், மென்பொருளின் கணக்கில் அதன் அகலம் சுமார் 360 பிக்சல். 720 பிக்சல் அட்டவணை அதற்குள் நுழைய வேண்டுமென்றால் எல்லாம் பாதியாக வேண்டும். எக்செலின் வழக்கமான 11 புள்ளி எழுத்து திரையில் ஏறக்குறைய 15 பிக்சல் உயரம். பாதியானால் ஏழு சொச்சம். படிக்க வசதியான அளவு 16 என்பது பொதுவான கணக்கு. இதில் சுருங்குவது அட்டவணை மட்டும் அல்ல. ஐபோனின் அஞ்சல் செயலியோ, திரைக்குப் பொருத்தும் அமைப்பை இயக்கிவைத்திருக்கும் ஜிமெயிலோ, கடிதத்தை ஒரே தாளாகப் பார்க்கிறது. மிக அகலமான ஒரு பொருள் எதுவோ அதுதான் தாளின் அகலம். மற்ற பத்திகளும் அந்த அகலத்துக்கு விரிந்து, பிறகு கூடவே சுருங்குகின்றன.

எல்லாச் செயலியும் இதே மாதிரி நடப்பதில்லை. சில சுருக்காமல் விட்டுவிடும்; அப்போது ஆறாவது நெடுவரிசை திரைக்கு வெளியே இருக்கும், அது இருக்கிறது என்பதே பெறுகிறவருக்குத் தெரியாமல் போகலாம். சுருக்குவதைவிட மோசமானது இதுதான் என்பேன். சிறிய எழுத்தைக் கண்டால் ஆள் எரிச்சலாவது ஆவார். காணாமல் போன நெடுவரிசையைப் பற்றிக் கேட்கக்கூட மாட்டார். இன்னும் சில செயலிகள் அகலக் கட்டளையை மீறி நெடுவரிசைகளை நெருக்கிவிடும். தமிழுக்கு வரும் தொல்லை அதில்தான்.

360 பிக்சலில் இருபுறமும் ஓரம் 16 விட்டால் மிச்சம் 328. ஆறாகப் பிரித்தால் ஒரு நெடுவரிசைக்கு 54 பிக்சல். கட்டத்தின் உள்விளிம்பு போக 45 தேறும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஐந்தாறு எழுத்துச் சொல் நுழைந்துவிடும். தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 'பங்கேற்பாளர்களுக்கு' என்பது ஒரே சொல்; சாதாரண அளவில் அதற்கு நூறு பிக்சலுக்கு மேல் வேண்டும். ஆகவே, ஒன்று அந்தச் சொல் கட்டத்தைத் தள்ளிக்கொண்டு அட்டவணையை மறுபடி அகலமாக்கும்; இல்லையென்றால் 'பங்கேற்', 'பாளர்க', 'ளுக்கு' என்று துண்டாகி மூன்று மாடியில் நிற்கும்.

அட்டவணையே வேண்டாம், இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நேர்படுத்திவிடுவோம் என்று சிலர் செய்வதுண்டு. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்த முனையக் காலத்து ஆங்கிலத்துக்கு அது பொருந்தியது. தமிழில் 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலத்தில் நிற்க வழியே இல்லை. எழுதும் கணினியில் கண்பார்வைக்கு நேராக்கிவைத்தாலும், எழுத்துரு மாறும் இடத்தில் எல்லாம் கலைந்துவிடும். எண்கள் எந்தத் தலைப்புக்கு உரியவை என்றே தெரியாத ஒரு பட்டியல்தான் போய்ச் சேரும்.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் அறுபது அறிவியல் ஆசிரியர்களுக்கு மார்ச் மாதம் பயிற்சி. ஒருங்கிணைப்பாளர் கையில் எக்செல் தாள் இருக்கிறது: வரிசை எண், ஆசிரியர் பெயர், பள்ளி, நாள், நேரம், இடம். 'கீழ்க்கண்ட அட்டவணையின்படி பங்கேற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று மேலே ஒரு வரி போட்டு, அறுபது வரிசையையும் ஒட்டி, அறுபது பேருக்கும் அனுப்புகிறார். பேருந்தில் நின்றுகொண்டு இதைத் திறக்கும் ஆசிரியருக்குத் தேவையானது அறுபதில் ஒரு வரிசை. அந்த வரிசையிலும் பெயரும் பள்ளியும் அவருக்கே தெரியும். வரிசை எண் அவருக்கு எதற்கு? மிச்சம் மூன்று செய்தி: என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே. அதற்காக அவர் அறுபது வரியைத் துழாவி, தன் பெயரைக் கண்டு, விரலை நகர்த்தி வலப்பக்கம் போக வேண்டும். போகிற வழியில் வரி மாறி அடுத்தவருடைய நேரத்தைப் படித்துவிட வாய்ப்பு உண்டு. பயிற்சி நாளன்று அறை மாறி வந்து நிற்பவர்களை விசாரித்தால் சிலர் இப்படித்தான் வந்திருப்பார்கள்.

அட்டவணை இங்கே யாருக்கு உதவுகிறது? ஒருங்கிணைப்பாளருக்கு. யாருக்கு எந்த அறை, எந்த நாளில் எத்தனை பேர், ஒரே அறைக்கு இரண்டு குழு விழுந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. அது அவருடைய பதிவேடு. பதிவேட்டைக் கடிதமாக அனுப்பியதுதான் பிசகு. கைபேசியில் உடையும் அட்டவணைகளில் மிகப் பலவற்றுக்கு இது பொருந்தும்: அனுப்புகிறவர் வைத்திருந்த வடிவம் அப்படியே வந்திருக்கும், பெறுகிறவரின் கேள்வி எது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேர்டில் இருக்கும் அஞ்சல் ஒன்றிணைப்பு வசதி இதே எக்செல் தாளைப் படித்து, ஒவ்வொருவருக்கும் அவருடைய வரிசையை மட்டும் வைத்துத் தனிக் கடிதம் தயாரித்துத் தரும். ஒருமுறை ஏற்பாடு செய்ய அரைமணி நேரம் போகும். கடிதம் இப்படி அமையும்:

பொருள்: மார்ச் 14 காலை 9.30 – அறிவியல் பயிற்சி

வணக்கம்.

உங்களுக்கான அறிவியல் பயிற்சி மார்ச் 14, சனிக்கிழமை காலை 9.30 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும்.

இடம்: அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி, முதல் மாடி, அறை 6.

அடையாள அட்டை கொண்டுவாருங்கள். மடிக்கணினி தேவையில்லை. மதிய உணவு உண்டு.

வர இயலாவிட்டால் மார்ச் 11க்குள் இந்த அஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள்.

இதில் அகலம் எங்கும் இல்லை. எந்தத் திரையிலும் மடங்கும். நாளும் நேரமும் எண்ணாகத் தெளிவாகத் தெரியும். அறுபது கடிதம் அனுப்ப நேரமில்லை என்றால், அறை வாரியாகப் பிரித்து ஐந்தாறு கடிதமாக அனுப்பினாலும் போதும்; அறை 6க்கு வரவேண்டியவர்களுக்கு ஒரே கடிதம், பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக.

எல்லா அட்டவணையும் பதிவேடு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குறுக்கும் நெடுக்கும் ஒப்பிட்டால்தான் பொருள் விளங்கும் செய்திகள் உண்டு. வலை அணுகல்தன்மைக்கு உலக அளவில் வழிகாட்டும் விதித்தொகுப்பின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, 320 பிக்சல் அகலத்திலும் உள்ளடக்கம் இடவலமாகத் தள்ளாமல் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் தரவு அட்டவணைக்கு அதே விதியில் விலக்கு இருக்கிறது. அதன் பொருளே இரு திசையில் இருப்பதால். ஆகவே அட்டவணையே கூடாது என்று சட்டம் பேசுவது மிகை. கேள்வி, அது கடிதத்தின் உடலுக்குள் இருக்க வேண்டுமா என்பதுதான்.

மூன்று கடைகளில் ஜெனரேட்டர் வாடகைக்கு விலை கேட்டு மேலதிகாரிக்கு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடை, வாடகை, டீசல் யார் பொறுப்பு, ஆள் வருவாரா, முன்பணம் என்று ஐந்து நெடுவரிசை போடத் தோன்றும். அவருக்கு வேண்டியது எந்தக் கடை, ஏன் என்பது. 'இரண்டாவது கடையை எடுக்கலாம் என்பது என் கருத்து. வாடகை 500 ரூபாய் கூட, ஆனால் டீசலும் ஆளும் அவர்கள் பொறுப்பு' என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொரு கடைக்கும் இரண்டு மூன்று வாக்கியம் எழுதினால் முடிந்தது. இங்கே ஒரு நிபந்தனை உண்டு. மூன்று பத்தியிலும் செய்திகள் ஒரே வரிசையில் வர வேண்டும்: வாடகை, டீசல், ஆள், முன்பணம். ஒரு பத்தியில் முன்பணம் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் வந்தால், ஒப்பிடும் வேலை படிப்பவர் தலையில் விழும். அதற்கு அட்டவணையே தேவலாம். மூன்று நான்கு பொருள் வரைக்கும் இந்த முறை தாங்கும். பத்துக் கடை, எட்டு அம்சம் என்றால் தாங்காது.

தாங்காத இடத்தில் இணைப்பாக அனுப்புவது சரி. என்ன இணைப்பு என்பதில் கவனம் வேண்டும். பி.டி.எஃப். அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர் என்பதையும், கைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ ஏழு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 12 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆகும். அச்சிடப் போகிறவருக்கு பி.டி.எஃப். நல்லது. கைபேசியிலேயே பார்க்கப் போகிறவருக்கு விரிதாளாகவே அனுப்பினால், முதல் நெடுவரிசையை நிறுத்திவைத்து மற்றதை நகர்த்திப் பார்க்க முடியும். எப்படியும், இணைப்பைத் திறக்காமலே வேலை நடக்கும் அளவுக்கு முடிவைக் கடிதத்தில் எழுதிவிட வேண்டும். அட்டவணையைப் படம் பிடித்து ஒட்டுவது இருப்பதிலேயே மோசமான வழி. படமும் திரைக்குச் சுருங்கும். எண்ணை நம்பி நகலெடுக்க முடியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்கு அது பெரும்பாலும் வெற்றிடம். இரண்டு நெடுவரிசை அட்டவணை, இடப்பக்கம் சிறு சொல், வலப்பக்கம் எண் என்றால் கைபேசியிலும் நிற்கும். நின்றாலும், 'வாடகை: 4,500' என்று வரிக்கு ஒன்றாக எழுதினால் கிடைப்பதைவிட அதிகம் எதையும் அது தருவதில்லை.

பத்தியின் நீளத்துக்கு வருவோம். மேலே சொன்ன 328 பிக்சலில், 16 அளவு எழுத்தில், தமிழ்ச் சொல் மூன்று அல்லது நான்குதான் ஒரு வரிக்குள் அடங்கும். கணினியில் ஏழெட்டு வரியாக அடக்கமாகத் தெரியும் எண்பது சொல் பத்தி, கைபேசியில் இருபதைத் தாண்டிவிடும். அனுப்பியவர் பெயர், பொருள் வரி, மேலும் கீழும் உள்ள பொத்தான்கள் போக மிஞ்சும் இடம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது ஒரே பத்தி திரையை முழுக்க அடைத்து நிற்கும். கண்ணுக்கு நிறுத்தம் இல்லை. நாற்பது சொல்லுக்குள் நிறுத்தினால் ஒரு திரையில் இரண்டு பத்தி தெரியும். இதற்காக வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்று உடைத்துப் போடுவதும் சரியில்லை. எது எதைச் சேர்ந்தது என்ற தொடர்பு போய்விடும். படிப்பவர் செய்யவேண்டிய காரியம் மாறும் இடத்தில் பத்தியை மாற்றுவது நான் பார்த்தவரை நல்ல அளவுகோல். மேலே உள்ள பயிற்சிக் கடிதத்தில் எப்போது, எங்கே, என்ன கொண்டுவர, வராவிட்டால் என்ன செய்ய என்று நான்கும் நான்கு பத்தி.

பொருள் வரியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் அலுவலகக் கடித மரபு இங்கே கைபேசியோடு நேரடியாக மோதுகிறது. 'பள்ளிக் கல்வி – மாவட்டத்தின் பெயர் – அறிவியல் ஆசிரியர்கள் – பணியிடைப் பயிற்சி – பங்கேற்கக் கோருதல் – சார்பு' என்று துறையில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் விஷயத்துக்கு வருவது மரபு. கோப்பைத் துறைவாரியாக அடுக்குகிறவருக்கு அது வசதி. கைபேசியின் அஞ்சல் பட்டியலில் பொருளின் முதல் நாலைந்து சொல்தான் தெரியும். ஒரே அலுவலகத்திலிருந்து வரும் இருபது அஞ்சலும் ஒரே நாலு சொல்லில் தொடங்கினால், எதைத் திறப்பது? முழு மரபு வாசகத்தை இணைப்பில் உள்ள கடிதத்தில் வைத்துக்கொண்டு, அஞ்சலின் பொருள் வரியில் நாளையும் காரியத்தையும் முன்னே போடுவதற்கு எந்த விதியும் தடையாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அலங்காரத்தில் ஏமாற்றுவது உள்தள்ளல். புள்ளியிட்ட பட்டியல் ஒவ்வொரு படி உள்ளே போகும்போதும் வழக்கமாக 40 பிக்சலை எடுத்துக்கொள்ளும். மூன்று படி போனால் 328இல் 120 காலி. வரிக்கு இரண்டு சொல் மிஞ்சும். பட்டியல் வேண்டுமென்றால் ஒரே படியில், 1, 2, 3 என்று தட்டச்சிட்ட எண்ணோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வண்ணமும் அப்படித்தான். 'சிவப்பில் உள்ளவர்கள் மட்டும்' என்று எழுதினால், இருள் பின்னணி வைத்திருப்பவர் திரையில் அந்தச் சிவப்பு என்னவாகத் தெரியும் என்பது நம் கையில் இல்லை. பக்கத்தில் 'நிலுவை' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் வண்ணத்தின் தயவு வேண்டியதில்லை.

தமிழுக்கே உரிய இன்னொரு வில்லங்கம் எழுத்துரு. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில்லும், இலங்கையில் பாமினியும் நெடுநாள் புழங்கின. பழைய கோப்புகள் இன்னும் அவற்றில் இருக்கின்றன. இவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டுபவை. அந்த எழுத்துரு நிறுவிய கணினியில் தமிழாகத் தெரியும். கைபேசியில் அது இல்லாததால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது, அவர் திரையில் எல்லாம் சரியாக இருப்பதால். பழைய கடிதத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டும் முன் அதை யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். எந்த வகை என்று அறிய, ஒட்டியபின் வடிவமைப்பை நீக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தால் போதும். தமிழ் தமிழாகவே நின்றால் யுனிகோடு, ஆங்கிலக் குப்பையாக மாறினால் பழைய எழுத்துரு. அதே பொத்தான் எக்செலிலிருந்தும் வேர்டிலிருந்தும் ஒட்டிவரும் எழுத்தளவையும் வண்ணத்தையும் கழற்றிவிடும்.

சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஊருக்கு அனுப்புமுன் கடிதத்தைத் தனக்கே அனுப்பி, கைபேசியை நிமிர்த்திப் பிடித்துத் திறக்க வேண்டும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் கடிதம் அசைகிறதா? அசைந்தால் உள்ளே எங்கோ அகலம் ஒளிந்திருக்கிறது. அட்டவணை இல்லாத கடிதத்திலும் அப்படி அசைவதுண்டு; அப்போது பெரும்பாலும் காரணம் ஒரு பெரிய படம், அல்லது இடையில் முறிய இடமே இல்லாத நீண்ட இணைய முகவரி. முகவரியைத் தனி வரியில் ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் இணைப்பாகப் புதைத்துவிட்டால் சரியாகும். அடுத்து, கைபேசியின் அமைப்புகளில் எழுத்தளவைப் பெரிதாக்கி மறுபடி பார்ப்பது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அறுபது ஆசிரியர்களில் அவர்களும் இருப்பார்கள். கடைசியாகத் திரையைப் பூட்டிவிட்டு, அறிவிப்பாக வரும் இரண்டு வரியை மட்டும் படிக்க வேண்டும். நாளும் நேரமும் அதிலேயே தெரிந்தால், கடிதத்தைத் திறக்காதவரும் வந்து சேர்வார்.